23 கம்பெனிகளின் சம்பளம், ஒரு பக்க அட்டவணை

நான்கு வருட அனுபவமுள்ள டிசைன் இன்ஜினியர் ஒருவர் ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறார். இங்கே வாங்குவது மாதம் 33,000 ரூபாய். போகிற இடத்தில் 44,000. முதலாளி எச்.ஆர். மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்: "வெளியில இந்த வேலைக்கு என்னதான் குடுக்கறாங்க?" சிறிய கம்பெனிகள் பெரும்பாலும் இப்படி ஒரு கேள்வி எழுந்த பிறகுதான் சம்பள ஆய்வுகளின் பக்கம் திரும்புகின்றன. தொழில் கூட்டமைப்போ ஆலோசனை நிறுவனமோ நடத்திய சர்வேயில் பங்கேற்றோ, பணம் கட்டியோ முடிவுகளைப் பெறுகிறார்கள். கைக்கு வருவது பல நூறு எண்கள் நிறைந்த ஒரு எக்செல் ஃபைல். கேள்விக்கான பதில் அதற்குள் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே எடுத்து முதலாளியின் மேஜையில் வைத்தால் தவறான முடிவுக்குத்தான் கொண்டுபோய் விடும்.

அந்த ஃபைல் எப்படி ஒரு பக்க அட்டவணையாகிறது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்று. மொத்தம் 62 பேர். மெஷின் ஷாப் தொழிலாளர்கள் 22 பேருக்குத் தொழிற்சங்க ஒப்பந்தப்படி சம்பளம். மீதி 40 பேர் டிசைன், கணக்கு, கொள்முதல், சர்வீஸ், ஸ்டோர்ஸ் என்று 17 பதவிகளில் இருக்கிறார்கள். இவர்களுக்கு 5 கிரேடுகள் உண்டு. எச்.ஆர். துறையில் இருப்பவர் ஒரே ஒரு பெண்மணி. அவர் கையில் இருக்கும் சர்வேயில் 23 கம்பெனிகள், 46 பதவிகள். ஒவ்வொரு கிரேடுக்கும் ஆரம்பம், நடு, உச்சம் என்று மூன்று தொகைகளை அவர் சொல்ல வேண்டும். கம்பெனியும் தொகைகளும் விளக்கத்துக்காக இங்கே அமைத்துக்கொண்டவை. அவற்றைக் கோவையின் இன்றைய சம்பள நிலவரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கு முறையும் சட்ட விவரங்களும் நடைமுறையில் உள்ளவை.

பதவியின் பெயரை நம்பினால்

முதல் வேலை பொருத்திப் பார்ப்பது. சர்வேயில் உள்ள எந்தப் பதவி நம் கம்பெனியின் எந்தப் பதவிக்குச் சமம்? பெயரை வைத்துப் பொருத்துவதுதான் எளிது. அதில்தான் பெரும்பாலான சர்வே அறிக்கைகள் வீணாகின்றன.

இந்தக் கம்பெனியில் 'பர்ச்சேஸ் மேனேஜர்' என்று ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கீழே யாரும் இல்லை. சப்ளையர்களிடம் விலை கேட்பது, ஆர்டர் போடுவது, சரக்கு வந்துசேர்ந்ததா என்று பார்ப்பது அவர் வேலை. விலையை இறுதி செய்கிறவர் முதலாளி. சர்வே கையேட்டில் பர்ச்சேஸ் மேனேஜர் என்றால் நான்கைந்து பேரை வைத்து வேலை வாங்குபவர், ஆண்டு ஒப்பந்தங்களைத் தானே முடிப்பவர், கொள்முதல் பட்ஜெட்டுக்குப் பொறுப்பானவர். நம்முடைய மேனேஜரின் வேலை அதே கையேட்டில் 'பர்ச்சேஸ் எக்ஸிகியூட்டிவ்' என்ற பதவியின் விவரத்தோடுதான் ஒத்துப்போகிறது. பெயரை மட்டும் பார்த்துப் பொருத்தியிருந்தால் அவர் சந்தை நிலவரத்தில் பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார் என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். விசிட்டிங் கார்டில் மரியாதைக்காகப் போட்ட பட்டம் சம்பளக் கணக்குக்குள் நுழைந்துவிடும்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் வழக்கமாகக் கடைப்பிடிக்கும் அளவு 70 சதவீதம். சர்வே சொல்லும் வேலைகளில், பொறுப்பில், கேட்கும் அனுபவத்தில் பத்துக்கு ஏழு பங்காவது நம் பதவியோடு ஒத்துப்போனால் பொருத்தலாம். குறைந்தால் விட்டுவிட வேண்டும். எல்லாப் பதவிக்கும் ஜோடி தேடத் தேவையில்லை. இந்தக் கம்பெனியின் 17 பதவிகளில் 11 நன்றாகப் பொருந்துகின்றன. மீதி ஆறும் எந்தக் கிரேடில் இருக்கின்றனவோ அந்தக் கிரேடின் வரம்புக்குள் தானாகவே வந்துவிடும். சிறிய கம்பெனிகளுக்கு கிரேடு முறை வசதியாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். ஸ்டோர்ஸையும் டிஸ்பாட்சையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவரின் வேலைக்கு எந்தச் சர்வேயிலும் தனி வரி கிடைக்காது.

பொருத்தியவுடன், எந்தக் கம்பெனிகளோடு ஒப்பிடுவது என்ற கேள்வி வரும். ஸ்டோர்ஸ் உதவியாளர் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் அடுத்த வேலையைத் தேடுவார்; அவருக்கு உள்ளூர்க் கம்பெனிகளின் எண்கள் போதும். புரொடக்‌ஷன் மேனேஜரோ சென்னைக்கோ புனேக்கோ குடும்பத்தோடு கிளம்பிவிடுவார். அவர் சம்பளம் கம்பெனியின் அளவைப் பொறுத்துப் பெரிதும் மாறும். ஆகவே கீழ்க் கிரேடுகளுக்கு ஊரையும், மேல் கிரேடுகளுக்குத் தொழிலையும் கம்பெனியின் அளவையும் பார்த்து எண்களை எடுப்பது நல்லது.

50,000 என்பது 46,000 ஆகும் விதம்

சர்வேயில் தொகைகள் ஆண்டு சி.டி.சி.யாக வருகின்றன. கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருப்பது மாத கிராஸ். ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் கம்பெனியில் இருக்கும் எல்லோருமே குறைந்த சம்பளக்காரர்களாகத் தெரிவார்கள்.

காரணம் இதுதான். ஓர் ஊழியருக்காகக் கம்பெனி செலவிடும் மொத்தமும் சி.டி.சி.க்குள் அடங்கும். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும் தொகை, சில இடங்களில் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், ஊக்கத்தொகை எல்லாம் அதில் சேரும். ஆண்டுக்கு 6 லட்சம் சி.டி.சி. என்றால் மாதம் 50,000 வருகிறது. கிராஸ் சம்பளத்தில் பாதி பேசிக் என்று வைத்துக்கொள்வோம். முழு பேசிக்குக்கும் 12 சதவீத பி.எஃப். கட்டுகிறார்கள், கிராஜுவிட்டிக்கு பேசிக்கில் 4.81 சதவீதம் ஒதுக்குகிறார்கள். ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற சட்டக் கணக்கிலிருந்து வருவதுதான் அந்த 4.81. இரண்டும் சேர்ந்து கிராஸில் ஏறக்குறைய 8.4 சதவீதம் ஆகிறது. 50,000 ரூபாயை 1.084 ஆல் வகுத்தால் கிடைக்கும் கிராஸ் சுமார் 46,100. மாதம் ஏறக்குறைய 3,900 ரூபாய் வித்தியாசம்.

ஊக்கத்தொகையும் இந்த சி.டி.சி.க்குள் இருந்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும். சர்வேயில் நிலையான சம்பளத்துக்குத் தனிப் பத்தி இருந்தால் அதையே எடுக்க வேண்டும். பி.எஃப்.ஐ 15,000 ரூபாய் வரம்புக்கு மட்டும் கட்டும் கம்பெனிகளுக்கு, மாதம் 1,800 ரூபாய் என்று வைத்துக் கணக்கைத் திருத்த வேண்டும். பேசிக்கைக் குறைத்துப் படிகளை ஊதிக் காட்டும் பழைய வழக்கத்துக்கு இப்போது இடமில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, மொத்தத்தில் பாதிக்கு மேல் போகும் படிகள் ஊதியத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும். பேசிக் பாதி என்று வைத்துக் கணக்குப் போடுவதற்கு இதுவும் ஒரு நியாயம்.

எந்தச் சம்பளத்தை அடிப்படையாக வைத்தார்கள் என்பதை அட்டவணையின் அடியில் ஒரு வரியாக எழுதிவிட வேண்டும். இங்கே அது மாத கிராஸ், ஊக்கத்தொகை நீங்கலாக. இந்த வரி இல்லாத அட்டவணை ஆறு மாதத்தில் யாருக்கும் புரியாது.

எட்டு கம்பெனிகள், ஒரு டிசைன் இன்ஜினியர்

இனி மூன்றாவது கிரேடுக்கு வருவோம். டிசைன் இன்ஜினியர் பதவிக்கு எட்டு கம்பெனிகள் விவரம் கொடுத்திருக்கின்றன. கிராஸாக மாற்றிய பிறகு அவற்றின் தொகைகள்: 34,000, 36,000, 37,500, 39,000, 41,000, 42,000, 46,000, 78,000.

கூட்டி எட்டால் வகுத்தால் சராசரி சுமார் 44,200. முதலாளி இதைப் பார்த்ததும் பதறுகிறார். "சராசரியே 44,000ன்னா, நம்ம பையன் போனது சரிதானுங்களே?" என்கிறார். மேனேஜர் பட்டியலைக் காட்டுகிறார். "எட்டுல ஆறு கம்பெனி அந்தச் சராசரிக்குக் கீழதான் சார் இருக்கு. மேல இழுக்கறது அந்தக் கடைசி ஒரு எண்தான்."

அந்த 78,000 வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் டிசைன் மையமாக இருக்கலாம். ஒருவேளை தவறாகப் பொருத்தப்பட்ட பதவியாகவும் இருக்கலாம். எதுவானாலும் ஒரே ஓர் எண் சராசரியை நான்காயிரம் ரூபாய்க்கு மேல் தூக்கிவிடுகிறது. அதனால்தான் சம்பளக் கணக்கில் சராசரியைவிட இடைநிலையை நம்புகிறார்கள். வரிசையில் நடுவில் நிற்கும் 39,000, 41,000 இரண்டுக்கும் நடுவே 40,000. கடைசி எண் 78,000 ஆக இல்லாமல் 50,000 ஆக இருந்தாலும் இடைநிலை இந்த 40,000தான். எக்செலில் இப்படி எழுத வேண்டும்:

```
=MEDIAN(B2:B9)
=PERCENTILE.INC(B2:B9,0.25)
=PERCENTILE.INC(B2:B9,0.75)
```

இரண்டாவது வரி தருவது 37,125; மூன்றாவது 43,000. ஏறக்குறைய கால்வாசிக் கம்பெனிகள் முதல் தொகைக்குக் கீழேயும், கால்வாசி இரண்டாவது தொகைக்கு மேலேயும் கொடுக்கின்றன.

அனுபவம் குறைந்தவர்கள் பலர் தவறும் இடம் இது. 37,125 ஆரம்பம், 43,000 உச்சம் என்று அப்படியே கிரேடின் வரம்பாக எழுதிவிடுகிறார்கள். அந்த இரண்டு எண்களும் எட்டு கம்பெனிகள் தங்களுக்குள் எப்படி வேறுபடுகின்றன என்பதைச் சொல்கின்றன. ஒரே கம்பெனிக்குள் புதிதாக வந்தவரும் பத்து வருடம் பழகியவரும் எவ்வளவு இடைவெளியில் இருக்கலாம் என்பது வேறு விஷயம். அதை இந்த எண்கள் சொல்லாது. இரண்டுக்கும் இடையே 16 சதவீத அகலம்தான் இருக்கிறது. ஆரம்பத் தொகையில் சேர்ந்தவர் ஆண்டுக்கு 8 சதவீதம் உயர்வு பெற்றால் இரண்டே வருடத்தில் உச்சத்தைத் தாண்டிவிடுவார். சர்வேயிலிருந்து எடுக்க வேண்டியது நடுப்புள்ளி. அகலத்தைக் கம்பெனி தன் தேவையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஒரு கம்பெனிக்கு ஓர் எண் என்பதையும் மறக்கக் கூடாது. சில சர்வேக்கள் ஆட்களை எண்ணிக் கணக்கிடுகின்றன. அப்படிச் செய்தால் 200 இன்ஜினியர்கள் உள்ள ஒரு பெரிய கம்பெனி, மூன்று பேர் வீதம் வைத்திருக்கும் ஏழு கம்பெனிகளையும் விழுங்கிவிடும். 62 பேர் உள்ள கம்பெனிக்கு, ஒவ்வொரு கம்பெனியையும் ஒன்றாக எண்ணும் பத்திதான் பொருத்தம்.

மூன்றாவது கிரேடில் சர்வீஸ் இன்ஜினியரின் இடைநிலை 36,000. அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவுக்கு 35,000. பர்ச்சேஸ் எக்ஸிகியூட்டிவ் பதவிக்கு 37,000 என்று இருக்கிறது, ஆனால் மூன்றே கம்பெனிகள். மேனேஜர் அதைச் சேர்க்கவில்லை. மூன்று கம்பெனிகளில் ஒன்று மாறினால் இடைநிலை தாவிவிடும். யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதையும் ஊகித்துவிடலாம். அமெரிக்காவில் மருத்துவத் துறைக்காக 1996இல் வெளியான போட்டிச் சட்ட வழிகாட்டுதல், சம்பளத் தகவல் பகிர்வுக்கு மூன்று நிபந்தனைகள் சொன்னது. குறைந்தது ஐந்து நிறுவனங்கள் இருக்க வேண்டும். எந்த ஒன்றின் பங்கும் கால்வாசியைத் தாண்டக் கூடாது. தகவல் மூன்று மாதமாவது பழையதாக இருக்க வேண்டும். அந்த நாட்டு நீதித்துறை 2023 பிப்ரவரியில் அந்த வழிகாட்டுதலை விலக்கிக்கொண்டது. ஆனாலும் ஐந்து கம்பெனி என்ற அளவு சர்வே உலகில் பழக்கமாகவே இருக்கிறது. பக்கத்துக் கம்பெனி எச்.ஆருக்கு போன் போட்டு "உங்க இன்ஜினியருக்கு எவ்வளவு?" என்று கேட்டு எழுதிக்கொள்வதை யாரும் சர்வே என்று சொல்ல மாட்டார்கள்.

ஆக மூன்று பதவிகள் மிஞ்சுகின்றன. 40,000, 36,000, 35,000. அவற்றின் சராசரி 37,000. இதுவே மூன்றாவது கிரேடின் சந்தை நடுப்புள்ளி. ஆனால் பழைய தேதியில்.

தேதியை நகர்த்துவது

சர்வேயில் உள்ளவை 2025 ஜூலை 1 அன்று இருந்த சம்பளங்கள். புதிய வரம்புகள் 2026 ஏப்ரலில் தொடங்கி 2027 மார்ச் வரை இருக்கும். இடையில் சந்தை நகர்ந்துகொண்டே இருக்கும். எண்களையும் அதோடு நகர்த்த வேண்டும்.

எவ்வளவு? பங்கேற்ற கம்பெனிகள் சென்ற ஆண்டு சராசரியாக 9.5 சதவீத இன்கிரிமென்ட் கொடுத்ததாக சர்வே சொல்கிறது. அதை அப்படியே எடுத்தால் கணக்கு மிகையாகிவிடும். ஒரு பதவியில் இருப்பவருக்கு 9.5 சதவீதம் உயர்கிறது என்பதால் அந்தப் பதவியின் சந்தை விலையும் அதே வேகத்தில் ஏறுவதில்லை. கூடுதல் சம்பளம் வாங்கும் மூத்தவர்கள் பதவி உயர்ந்தும் ஓய்வு பெற்றும் நகர்கிறார்கள். அந்த இடத்துக்குக் குறைந்த சம்பளத்தில் இளையவர்கள் வருகிறார்கள். நல்ல சர்வேயில், இரண்டு ஆண்டும் பங்கேற்ற கம்பெனிகளை மட்டும் எடுத்து இடைநிலை எவ்வளவு நகர்ந்தது என்று தனியாகக் காட்டியிருப்பார்கள். இங்கே அது 8 சதவீதம். மேனேஜர் எடுத்துக்கொண்டது அதையே.

எந்த நாள் வரைக்கும் நகர்த்துவது என்பதில் முதலாளி முடிவெடுக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 வரை நகர்த்தினால் முதல் நாள் மட்டும் சந்தைக்குச் சமமாக இருந்துவிட்டு ஆண்டு முழுக்கப் பின்தங்குவார்கள். 2027 மார்ச் வரை நகர்த்தினால் ஆண்டு முழுக்க முன்னால் நிற்பார்கள், செலவு கூடும். ஆண்டின் நடுவான அக்டோபர் 1 வரை நகர்த்தினால் பாதி ஆண்டு முன்னால், பாதி ஆண்டு பின்னால். கையில் பணம் அளவாக உள்ள சிறிய கம்பெனிக்கு இந்த மூன்றாவது வழிதான் ஏற்றது. 15 மாதத்துக்கு 8 சதவீத வேகத்தில் 10 சதவீதம் வருகிறது. 37,000 ரூபாய் 40,700 ஆகிறது.

இப்படி ஐந்து கிரேடுகளுக்கும் செய்ததில் கிடைத்த நடுப்புள்ளிகள் 19,800, 27,500, 40,700, 55,000, 90,200. படிகள் சீராக இல்லை. மூன்றிலிருந்து நான்குக்கு 35 சதவீத ஏற்றம், நான்கிலிருந்து ஐந்துக்கு 64 சதவீதம். சர்வேயில் அகப்பட்ட பதவிகள் சில கிரேடுகளுக்குக் கொஞ்சம் கனமாகவும் சிலவற்றுக்கு லேசாகவும் அமைந்துவிடும். அதன் விளைவு இது. ஐந்து புள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு வளைகோடு வரைந்து இதைச் சரிசெய்கிறார்கள். A பத்தியில் கிரேடு எண், B பத்தியில் தொகை இருந்தால்:

```
=GROWTH(B2:B6,A2:A6)
```

இது ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரே விகிதத்தில், இங்கே சுமார் 45 சதவீதம், ஏறும் தொகைகளைத் தருகிறது. 500 ரூபாய்க்கு முழுதாக்கினால் 19,500, 28,000, 40,500, 59,000, 85,500. நான்காவது கிரேடு சந்தையைவிட 7 சதவீதம் மேலே போயிருக்கிறது. ஐந்தாவது 5 சதவீதம் கீழே வந்திருக்கிறது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் கணக்கைத் திருத்துவதற்கு முன்னால், ஏதாவது பதவி தவறான கிரேடில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு அகலம்?

மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழு அட்டவணையில் 18 நிலைகள். முதல் நிலை 18,000இல் தொடங்கி 56,900இல் முடிகிறது. உச்சம் ஆரம்பத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஆண்டுக்கு 3 சதவீதம் வீதம் 40 படிகள் வைத்திருப்பதால் வரும் அகலம் அது. ஒருவர் பதவி உயர்வே இல்லாமல் பணிக்காலம் முழுவதும் அதே நிலையில் இருந்தாலும் படி தீராது. தனியார் கம்பெனியில் அப்படி இருக்கத் தேவையில்லை. ஒருவர் அந்தக் கிரேடில் சாதாரணமாக எத்தனை வருடம் இருப்பார், அந்த வேலையில் முழுத் தேர்ச்சி பெற எவ்வளவு காலம் ஆகும் என்பதைப் பொறுத்து அகலம் அமையும். கீழ்க் கிரேடுகளில் வேலை சீக்கிரம் கைவந்துவிடும், அகலம் குறைவு. மேலே போகப்போக அகலம் கூடும்.

மேனேஜர் முதலில் கீழ் இரண்டு கிரேடுகளுக்கு 40 சதவீதம் வைத்துப் பார்த்தார். நடுப்புள்ளியை 1.2 ஆல் வகுத்தால் ஆரம்பம். அந்த ஆரம்பத்தை 1.4 ஆல் பெருக்கினால் உச்சம். முதல் கிரேடு 22,750இல் முடிந்தது, இரண்டாவது 23,300இல் தொடங்கியது. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடைவெளி. பொதுவாக அடுத்தடுத்த கிரேடுகள் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். முதல் கிரேடில் கைதேர்ந்த ஒருவர், இரண்டாவது கிரேடில் நேற்று சேர்ந்தவரைவிடச் சற்று அதிகமாக வாங்குவது நியாயமே. ஆகவே முதல் மூன்று கிரேடுகளுக்கு 50 சதவீதமும், மேல் இரண்டுக்கு 60 சதவீதமும் வைத்தார்.

| கிரேடு | ஆரம்பம் | நடு | உச்சம் |
|---|---|---|---|
| 1 | 15,600 | 19,500 | 23,400 |
| 2 | 22,400 | 28,000 | 33,600 |
| 3 | 32,400 | 40,500 | 48,600 |
| 4 | 45,400 | 59,000 | 72,600 |
| 5 | 65,800 | 85,500 | 1,05,200 |

முதல் வரியின் ஆரம்பத் தொகையைச் சட்டத்தோடு ஒத்துப்பார்க்காமல் கையெழுத்துக்கு அனுப்பக் கூடாது. தமிழ்நாடு அரசு தொழில்வாரியாக அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியம், ஆண்டுதோறும் ஏப்ரலில் திருத்தப்படும் அகவிலைப்படியோடு சேர்த்து, 15,600 ரூபாயைத் தாண்டினால் சட்டத் தொகைதான் ஆரம்பம். இன்னொரு விஷயமும் இந்தக் கிரேடுக்கு நடுவில் இருக்கிறது. இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாய். 20,800 வாங்குபவருக்கு 400 ரூபாய் கூட்டினால் நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் அவர் குடும்பத்தோடு இ.எஸ்.ஐ. மருத்துவமனை வசதியை இழக்கிறார். சம்பளத்தில் 0.75 சதவீதப் பிடித்தம் நின்றுபோவது அதற்கு ஈடாகாது. இப்படி வரம்பைத் தாண்டுகிறவர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்துவிட்டே உயர்வு கொடுக்க வேண்டும்.

அட்டவணைக்குள் ஆட்கள்

இனி 40 பேரின் சம்பளத்தையும் அவரவர் கிரேடின் நடுப்புள்ளியால் வகுத்துப் பார்க்க வேண்டும். இதைக் காம்பா ரேஷியோ என்கிறார்கள். வேலையை விட்டுப்போன இன்ஜினியரின் 33,000 ரூபாய், 40,500 ரூபாயில் 81 சதவீதம். வேலையில் சேர்ந்து பழகிக்கொண்டிருப்பவருக்கு அந்த இடம் சரி. நான்கு வருடமாகத் தனியாகவே பம்ப் டிசைன் செய்துகொண்டிருந்தவர் 95, 100 சதவீதத்தில் இருந்திருக்க வேண்டும். அதே வேலையைச் செய்யும் இன்னும் இருவர் 34,000த்திலும் 35,500இலும் இருக்கிறார்கள். அடுத்த ராஜினாமா எங்கிருந்து வரும் என்பது இந்தப் பத்தியில் தெரிந்துவிடுகிறது.

வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் ஆறு பேர். 30,000 வாங்கும் சர்வீஸ் இன்ஜினியருக்கு 2,400 ரூபாய் குறைகிறது. ஆறு பேருக்கும் சேர்த்து மாதம் 11,500; ஆண்டுக்கு 1,38,000. பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். முதலாளி பயந்திருந்த தொகை இதைவிட மிகப் பெரியது. முதலில் இவர்களைக் கொண்டுவந்துவிட்டு, வேலையில் தேர்ந்திருந்தும் 90 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களை இரண்டு தவணையில் உயர்த்துவது என்று முடிவாகிறது.

வரம்புக்கு மேலே ஒருவர் இருக்கிறார். 22 வருடமாகக் கணக்கு பார்க்கும் அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ், 51,000 ரூபாய், 126 சதவீதம். அவர் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. ஜி.எஸ்.டி., வங்கி, ஆடிட்டர் எல்லாவற்றையும் அவரே பார்க்கிறார் என்றால் அவர் செய்வது நான்காம் கிரேடு வேலை. அங்கே மாற்றுவதுதான் முறை. வேலை மாறவே இல்லை என்றால், வரம்பு அவரை எட்டும் வரை மாதச் சம்பளத்தை உயர்த்தாமல், ஆண்டுக்கு ஒருமுறை மொத்தத் தொகையாகக் கொடுக்கலாம். இதைத் தபாலில் அனுப்பும் கடிதமாகச் செய்யாமல், உட்கார்ந்து பேசிச் சொல்ல வேண்டும்.

அதே பத்தியை ஆண், பெண் என்று பிரித்தும் பார்க்க வேண்டும். ஒரே மாதிரியான வேலைக்குப் பாலினத்தை வைத்துச் சம்பளத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1976 முதல் சட்டம். இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. மூன்றாம் கிரேடில் நான்கு பெண்களின் சராசரிக் காம்பா ரேஷியோ 84, ஏழு ஆண்களுடையது 95 என்று வந்தால், அனுபவத்தாலும் வேலைத் திறத்தாலும் அந்த 11 புள்ளிகளை விளக்க முடிகிறதா என்று ஒவ்வொருவராக எடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பழைய காரணம் ஒன்று அகப்படும். சேரும்போது முந்தைய சம்பளத்தோடு 20 சதவீதம் கூட்டிக் கொடுத்திருப்பார்கள்; முந்தைய இடத்தில் குறைவாக வாங்கியவர் இங்கேயும் குறைவாகவே தொடங்கியிருப்பார். புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு வரம்பை வைத்துச் சம்பளம் சொன்னால் இது இனிமேல் சேராது. ஏற்கெனவே சேர்ந்துவிட்டதைத் தனியாகத் திருத்த வேண்டும்.

முதலாளியிடம் போகும் தாளில் ஐந்து வரி அட்டவணை. அதன் அடியில் சிறிய எழுத்தில் நான்கு குறிப்புகள்: மாத கிராஸ், ஊக்கத்தொகை நீங்கலாக, சர்வே தேதி 2025 ஜூலை 1, 10 சதவீதம் சேர்த்து 2026 அக்டோபர் 1 வரை நகர்த்தியது, 17 பதவிகளில் 11 மட்டும் நேரடியாகப் பொருத்தப்பட்டவை. ஐந்தாம் கிரேடின் பக்கத்தில் மேனேஜர் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருக்கிறார். அங்கே பொருந்தியது புரொடக்‌ஷன் மேனேஜர் என்ற ஒரே பதவி, அதுவும் ஐந்து கம்பெனிகளின் எண்ணை வைத்து. வளைகோடு அதையும் 5 சதவீதம் கீழே இழுத்திருக்கிறது. அடுத்த சர்வே வந்ததும் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டிய வரி அதுதான். அதற்குள் ஒரு மேனேஜரை வெளியிலிருந்து எடுக்க நேர்ந்தால் 85,500ஐ விட்டுவிட்டு 90,000 ரூபாயிலிருந்து பேச்சைத் தொடங்கலாம் என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.